நாலு விசிட்டும் 24 மணி நேரமும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. வேலை. தொழில் பத்தி எழுதினா மக்கள் கொட்டாவி விடுவாங்கன்னு இதுவரைக்கும் தவிர்த்தே வந்திருக்கேன். ஆனா போன வாரம் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஏ.எம்.சி. புதுப்பிக்கக் கொட்டேஷன் அடிச்சுக்கிட்டு இருந்தப்ப, பழைய தாளைப் பாத்ததும் எனக்கே கூச்சமா இருந்தது. அதனால இந்தப் பதிவு.

நான் பட்டுக்கோட்டையில ஜெனரேட்டர் சர்வீஸ் பண்றவன். சுத்துவட்டாரத்துல கல்யாண மண்டபம், ஐஸ் பேக்டரி, ஆஸ்பத்திரி, ரைஸ் மில்லுன்னு டிஜி செட் வச்சிருக்கிறவங்ககிட்ட வருஷ ஒப்பந்தம் போட்டுப் பாத்துக்கறது பொழப்பு. நான் சொல்ற ஆஸ்பத்திரி அதிராம்பட்டினத்துல இருக்கு, எங்க ஊர்லேர்ந்து சுமார் 12 கிலோமீட்டர். இருபது படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், பிரசவ வார்டு. பின்னாடி கொட்டகையில ஒரு 62.5 கேவிஏ செட். கரண்ட் போனா பேனல் தானாவே உணர்ந்து இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி லோடை மாத்திவிடும்.

என் பழைய ஒப்பந்தத்துல இருந்தது நாலே வரி. வருஷத்துக்கு நாலு விசிட். பிரேக்டவுன் கால் எத்தனை வந்தாலும் வருவோம். உதிரிபாகம் தனி. புகார் சொன்ன 24 மணி நேரத்துக்குள்ள ஆள் வரும். இந்தத் தொழில்ல நான் பாத்த தாள் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதே நாலு வரிதான். லெட்டர்பேடு மட்டும் மாறும். :-)

என் கருத்து இதுதான்: அந்த நாலு வரியில விசிட், ஸ்பேர், நேரம்னு மூணு விஷயத்தைத் தனித்தனியா எழுதியிருக்கோம். உண்மையில அது மூணும் ஒரே விஷயம். ஸ்பேர் எங்க இருக்குன்னு சொல்லாம நேரத்தைச் சொல்றது வெத்து வாக்கு. எப்ப வருவோம்னு யோசிக்காம எத்தனை தடவை வருவோம்னு சொல்றதும் அதே கதைதான். இதை எனக்குப் புரியவச்சது கஜா.

2018 நவம்பர் 15-ஆம் தேதி ராத்திரி. டெல்டாக்காரங்களுக்கு அந்தத் தேதியை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. பத்து மணிக்கெல்லாம் கரண்ட் போச்சு. ஆஸ்பத்திரி செட் சொன்னபடி ஸ்டார்ட் ஆகி லோடு எடுத்துக்கிச்சு. நள்ளிரவு தாண்டிப் புயல் கரையைக் கடந்தது. விடிஞ்சு பாத்தா தென்னந்தோப்பெல்லாம் படுத்துக் கிடக்குது, மின்கம்பம் வரிசையா முறிஞ்சு கிடக்குது, போன்ல டவர் இல்ல. செட் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது. 16-ஆம் தேதி ராத்திரி பதினோரு மணி வாக்குல, 25 மணி நேரம் ஓடினதுக்கு அப்புறம், விளக்கு ஒரு மாதிரி மங்கிப் பிரகாசிச்சு, மங்கிப் பிரகாசிச்சு, அப்புறம் இஞ்சின் மூச்சு வாங்கி நின்னு போச்சு.

ஆஸ்பத்திரி மேனேஜர் பாய் எனக்குப் போன் அடிச்சுப் பாத்திருக்கார். எங்கிருந்து கிடைக்கும்? காலையில ஒரு பையனை பைக்ல அனுப்பினார். அவன் விழுந்து கிடந்த மரத்துக்கு அடியிலயும் மேலயுமா பைக்கைத் தூக்கி வச்சு வந்து சேந்தப்ப மணி ஒன்பது. "ஜெனரேட்டர் நின்னுபோச்சு, பாய் உடனே வரச்சொன்னாஹ" - இதுதான் அவனுக்குத் தெரிஞ்சது. நான் டூல் பாக்ஸை எடுத்துக்கிட்டு, அதே பாதையில தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர மத்தியானம் பன்னெண்டு.

பாத்த அரை மணி நேரத்துல கோளாறு தெரிஞ்சு போச்சு. டீசல் ஃபில்டர் அடைச்சிருந்தது. டேங்குக்கு அடியில வருஷக்கணக்கா படிஞ்ச சகதியும் தண்ணியும். கடலோரக் காத்துல ஈரம் அதிகம். பாதி காலியா கிடக்குற டேங்குக்குள்ள அந்த ஈரம் ராத்திரியில வேர்த்துத் தண்ணியா இறங்கும். சாதாரண நாள்ல ஒரு மணி, ரெண்டு மணி நேரம் ஓடுறப்ப அது அடியில சும்மா கிடக்கும். ஒரேயடியா 25 மணி நேரம் ஓடி, நடுவுல கேன்ல கொண்டுவந்து கொண்டுவந்து ஊத்தினா மொத்தமும் கலங்கி ஃபில்டருக்கு வந்துடும். விளக்கு மங்கிப் பிரகாசிச்சது அதோட அறிகுறி. டீசல் போதாம இஞ்சின் வேகம் ஏறி இறங்குது, அதோட ஃப்ரீக்வென்சியும் வோல்டேஜும் ஆடுது.

ஃபில்டரோட விலை சில நூறு ரூபா. என்கிட்ட இல்ல. அந்த மாடல் ஃபில்டர் போன வாரம்தான் தீந்திருந்தது. திருச்சியிலேர்ந்து பஸ் பார்சல்ல வரவேண்டிய சரக்கு. பஸ்ஸே இல்ல. மறுபடி பட்டுக்கோட்டை வந்து, அதே மாடல் செட் வச்சிருந்த ஒரு மண்டபத்துக்காரர்கிட்டக் கெஞ்சி, அவர் மெஷின்லேர்ந்து ஃபில்டரைக் கழட்டி, திரும்பப் போய், டேங்கை வடிச்சு, மாட்டி, ஏர் எடுத்து ஓடவிட்டப்ப சாயங்காலம் ஆறு மணி.

அந்தப் பத்தொன்பது மணி நேரத்துல அங்க ரெண்டு பிரசவம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்ல தியேட்டர் விளக்கு மட்டும் எரிஞ்சிருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அது எங்க புண்ணியம் இல்ல, நல்ல காலம்.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. என் ஒப்பந்தப்படி நான் எந்தத் தப்பும் பண்ணல. புகார் என் கைக்கு வந்தது காலை ஒன்பது மணிக்கு. போய்ச் சேந்தது பன்னெண்டு மணிக்கு. 24 மணி நேரம்னு சொல்லிட்டு மூணே மணி நேரத்துல, அதுவும் கஜா மறுநாள்ல, போய் நின்னுருக்கேன். தாள்ல பாத்தா எனக்கு மெடல் குத்தணும். ஆஸ்பத்திரி இருட்டுல கிடந்தது 19 மணி நேரம். நாலு விசிட்டும் அந்த வருஷம் ஒழுங்காத்தான் நடந்தது. செப்டம்பர் மாச ரிப்போர்ட்டுல என் கையெழுத்துலயே 'செக்டு, ஓகே'ன்னு இருக்கு. ஃபில்டர் மாத்தி 14 மாசம் ஆகியிருந்தது. மணிக்கணக்கு ஆகலியேன்னு விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்.

நிற்க. இனி ஒவ்வொண்ணா வருவோம்.

முதல்ல நேரம். 'ரெஸ்பான்ஸ் டைம் 24 மணி நேரம்'னு எழுதினா அதுல மூணு கேள்விக்குப் பதில் இல்ல. கடிகாரம் எப்ப ஓட ஆரம்பிக்குது? எது நடந்தா நிக்குது? எதுக்கு இந்த நேரம் பொருந்தாது? சர்வீஸ்காரன் கணக்குல, புகார் அவன் காதுக்கு வந்தப்ப ஆரம்பிச்சு, ஆள் கேட்டுல கையெழுத்துப் போட்டதும் முடிஞ்சு போகும். வாடிக்கையாளர் கணக்குல, விளக்கு அணைஞ்சப்ப ஆரம்பிச்சு விளக்கு எரியறப்ப முடியும். இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் எல்லாச் சண்டையும்.

அதனால புதுக் கொட்டேஷன்ல நேரத்தை ரெண்டாப் பிரிச்சேன். ஒண்ணு, ஆள் வந்து சேர்ற நேரம்: பகல்ல 2 மணி நேரம், ராத்திரியில 4 மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரத்துக்கு இது என்னால முடியும். இதையே திருத்துறைப்பூண்டியில இருக்கிற ஒருத்தருக்கு எழுதமாட்டேன். ரெண்டாவது, மெஷின் ஓடற நேரம்: ஆள் வந்ததுக்கு அப்புறம் 4 மணி நேரம். ஆனா இந்த 4 மணி நேரம் ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்கிற ஸ்பேரால சரிபண்ணக்கூடிய கோளாறுக்கு மட்டும்னு தெளிவா எழுதிட்டேன். ஆல்டர்னேட்டர் காயில் எரிஞ்சாலோ, டீசல் பம்பு போனாலோ நாலு மணி நேரத்துல யாராலயும் சரிபண்ண முடியாது. சரிபண்றோம்னு எழுதிக் கொடுக்கிறவன் பொய் சொல்றான். அந்த மாதிரிக் கோளாறுக்கு நேரம் சொல்றதுக்குப் பதிலா, 8 மணி நேரத்துல ஒரு வாடகை செட் கொண்டுவந்து கேபிள் இழுத்துக் கொடுக்கிறது என் பொறுப்பு, வாடகை அவங்க செலவுன்னு எழுதினேன்.

இதுல இன்னொரு சமாச்சாரம். எல்லா ஏ.எம்.சி. தாள்லயும் கடைசியில ஒரு வரி இருக்கும்: இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க பொறுப்பில்ல. கடலோரத்துல ஜெனரேட்டர் வாங்குறதே இயற்கைச் சீற்றத்துக்குத்தானே சாமி? அன்னைக்குப் பொறுப்பில்லன்னா வேற என்னைக்குப் பொறுப்பு?

ரோடு மூடினதுக்கு அப்புறம் வர்றேன்னு சத்தியம் பண்றதுல அர்த்தம் இல்லதான். ஆனா ரோடு மூடறதுக்கு முன்னாடி வரலாமே. வானிலைத் துறை புயலுக்குப் படிப்படியாத்தான் எச்சரிக்கை கொடுக்குது. 72 மணி நேரம் முன்னாடி ஒரு முன்னறிவிப்பு, மோசமான வானிலை தொடங்கறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி அடுத்தது, 24 மணி நேரம் முன்னாடி அதுக்கடுத்தது. எங்க கடற்கரைக்கு அந்த 48 மணி நேர எச்சரிக்கை வந்தா, நான் கூப்பிடாமலே வந்து டேங்கு அடியில தண்ணி வடிச்சு, ஃபில்டர் மாத்தி, பேட்டரி பாத்து, லோடுல ஓட்டிக் காட்டிட்டுப் போவேன். இதுக்குப் பேரு எச்சரிக்கை விசிட். புயல் கடந்ததுக்கு அப்புறம் போன் வேலை செய்யலைன்னா, புகாருக்குக் காத்திருக்காம, ரோடு விட்டதும் தினம் ஒரு தடவை நானே வந்து பாப்பேன். 'பொறுப்பில்ல'ங்கிற வரியை எடுத்துட்டு அந்த இடத்துல இதை எழுதினேன்.

அடுத்தது ஸ்பேர். இதுதான் என் கட்சி.

இந்தத் தொழில்ல ரெண்டு வகை ஒப்பந்தம் விக்கறாங்க. ஒண்ணு லேபர் மட்டும். இன்னொண்ணு கம்ப்ரிஹென்சிவ், அதாவது ஸ்பேரும் உள்ள சேத்தி. கேக்க ரெண்டாவது நிம்மதியா இருக்கும், ரூபா கூடத்தான், ஆனா தலைவலி இல்லன்னு. அதோட சின்ன எழுத்தைப் படிங்க. ஆயில், ஃபில்டர், பேட்டரி, பெல்ட், ரப்பர் ஹோஸ், எலக்ட்ரிக்கல் சாமான் இதெல்லாம் சேராதுன்னு பெரும்பாலும் போட்டிருக்கும். மிச்சம் இருக்கிறது என்ன? கிராங்க் ஷாஃப்ட்டும் பிஸ்டனும். வருஷத்துக்கு 200 மணி நேரம் ஓடற ஆஸ்பத்திரி செட்டுல அது ஏன் போகப் போகுது? போகாத சாமானுக்குக் காப்பீடு வாங்கி, போற சாமானுக்குத் தனியா பில் கட்டறோம்.

நான் சொல்றது வேற. லேபர் ஒப்பந்தம் போடுங்க. கூடவே, அடிக்கடி போற சாமான் ஒரு பெட்டி நிறைய வாங்கி உங்க ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்துல பூட்டி வைங்க. சாமான் உங்க சொத்து. ஒரு சாவி உங்க எலக்ட்ரீஷியன்கிட்ட, ஒரு சாவி என்கிட்ட. விலைப்பட்டியல் ஒப்பந்தத்தோட ஒட்டியிருக்கும், அந்த வருஷம் முழுக்க அதே விலைதான்.

பெட்டியில என்ன வைக்கணும்னு நான் மூணு கேள்வி கேப்பேன். இது போனா மெஷின் நிக்குமா? ஒரு மணி நேரத்துல அந்த இடத்துலயே மாத்த முடியுமா? அலமாரியில சும்மா கிடந்தா கெடாம இருக்குமா? மூணுக்கும் ஆமான்னா பெட்டிக்குள்ள. அந்தக் கணக்குல டீசல் ஃபில்டர் ரெண்டு செட், ஆயில் ஃபில்டர் ஒண்ணு, பேனல் ரிலேயும் ஃபியூஸும், ஹோஸ் கிளிப், பத்து லிட்டர் ஆயில், அஞ்சு லிட்டர் கூலன்ட் வந்தது. ஏவிஆர் போர்டு ஒண்ணும் சேத்தேன். இருக்கிறதுலயே அதுதான் விலை ஜாஸ்தி. ஆனா இஞ்சின் ஓடியும் வோல்டேஜ் வரலைன்னா பெரும்பாலும் முதல்ல சந்தேகப்பட வேண்டியது அது. கையில இன்னொண்ணு இருந்தா மாட்டிப் பாத்தே கண்டுபிடிச்சிடலாம். இல்லன்னா ஆளும் சாமானும் திருச்சிக்கும் அதிரைக்கும் நடையா நடக்கணும்.

ஃபேன் பெல்ட்டும் ரேடியேட்டர் ஹோஸும் மூணாவது கேள்வியில மாட்டிக்கும். ரப்பர் கிடந்தாலும் கெடும், அதுவும் உப்புக்காத்துல. அதுக்கு ஒரு சின்ன தந்திரம்: சர்வீஸ் பண்றப்ப பெட்டியில இருக்கிறதை எடுத்து மெஷின்ல மாட்டணும், புதுசைப் பெட்டியில வைக்கணும். பெட்டியில எப்பவும் ஒரு வருஷத்துக்கு மேல பழசானது இருக்காது. ஃபில்டருக்கும் இதேதான்.

பேட்டரியை மட்டும் பெட்டியில வைக்கக்கூடாது. சார்ஜ் இல்லாம கிடந்தா தானாவே செத்துப்போகும். செல்ஃப் எடுக்கலன்னு எனக்கு வர்ற கால்ல பாதிக்கு மேல பேட்டரிதான், அதனால அதுக்குத் தனி விதி: நல்லா இருக்கோ இல்லையோ மூணு வருஷத்துல மாத்திடணும். 'நல்லாத்தானே இருக்கு'ன்னு சொல்ற பேட்டரிதான் ராத்திரி ரெண்டு மணிக்குக் கழுத்தறுக்கும். நடுவுல சந்தேகம் வந்தா, ஸ்டார்ட் பண்றப்ப மீட்டரை வச்சுப் பாருங்க. சும்மா இருக்கறப்ப 12.6 வோல்ட் காட்டும். அது ஒண்ணும் சொல்லாது. செல்ஃப் சுத்தறப்ப 10 வோல்ட்டுக்குக் கீழ போயிட்டா, அது நாளை எண்ணிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

கடைசியா விசிட். நாலு விசிட்னா ஏன் நாலு? வருஷத்துல நாலு காலாண்டு இருக்கு, பில் போட வசதி, அவ்வளவுதான். பிப்ரவரியில கையெழுத்துப் போட்டா பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். மெஷினுக்குக் காலாண்டு தெரியாது. அதுக்கு ரெண்டு கணக்குதான் தெரியும்: எத்தனை மணி நேரம் ஓடினோம், எத்தனை மாசம் ஆச்சு. இந்த செட்டோட புத்தகத்துல ஆயிலும் ஃபில்டரும் 500 மணி நேரம் அல்லது ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அப்பன்னு இருக்கு. 'அல்லது ஒரு வருஷம்'கிறதைத்தான் நான் 2018-ல மறந்தேன்.

அதனால புதுத் தாள்ல மூணு விசிட்தான் போட்டேன், மாசத்தைக் குறிப்பிட்டு. செப்டம்பர்ல பெரிய சர்வீஸ்: ஆயில், எல்லா ஃபில்டரும், டேங்கு சுத்தம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி முடிஞ்சிடணும். ஜனவரியில மழை போன பிறகு: துரு, எர்த் பிட்டு, பேனல் உள்ள ஈரம், எலி கடிச்ச வயர். மார்ச்சுல வெயிலுக்கு முன்னாடி: ரேடியேட்டர், கூலன்ட், பெல்ட். நாலாவதா அந்த எச்சரிக்கை விசிட், வந்தா வரும். புயல் வராத வருஷம் அந்த விசிட்டுக்குக் காசு கிடையாது, அதாவது அடுத்த வருஷத் தொகையில கழிச்சிடுவேன்.

தேதியை எப்படி வைக்கறது? மின்வாரியம் மாசம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் நிறுத்துதில்ல? முன்னாடியே பேப்பர்ல வந்துடும். விசிட்டை அன்னைக்கு வைக்கணும். ஆஸ்பத்திரி லோடு முழுசும் அன்னைக்கு செட்டு மேல இருக்கும். மத்த நாள்ல போனா என்ன நடக்கும்? அஞ்சு நிமிஷம் சும்மா ஓட்டிப் பாத்துட்டு 'ஓகே'ன்னு எழுதிட்டு வருவோம். லோடு இல்லாம ஓட்டறது சோதனையே இல்ல. அடிக்கடி அப்படி ஓட்டினா இஞ்சின் சூடேறாம டீசல் முழுசா எரியாது, எரியாத கரி சைலன்சர்ல கருப்பா வழியும். கொட்டகைச் சுவத்துல கருப்பு எண்ணெய்த் துளி தெறிச்சிருந்தா உங்க ஆளு வாராவாரம் சும்மா ஓட்டறாருன்னு அர்த்தம்.

ரிப்போர்ட்டுல 'செக்டு, ஓகே'ங்கிற ரெண்டு வார்த்தையைத் தடை பண்ணிட்டேன். அதுக்குப் பதிலா எண்ணு இருக்கணும்: மணி மீட்டர், லோடுல ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு, ஃப்ரீக்வென்சி, ஸ்டார்ட் ஆகறப்ப பேட்டரி வோல்ட். போன தடவை எண்ணுக்குப் பக்கத்துலயே இந்தத் தடவை எண்ணு. எது இறங்கிக்கிட்டு வருதுன்னு டாக்டருக்கே தெரியும். இன்னொண்ணு, ஒவ்வொரு பெரிய சர்வீஸுலயும் டீசல் ஃபில்டரை மாத்தி ஏர் எடுக்கறது ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் கையால நடக்கணும், நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். இதைக் கத்துக்கிட்ட ஆளும் பெட்டியில ஃபில்டரும் இருந்திருந்தா அன்னைக்கு 19 மணி நேரம் அரை மணி நேரமா முடிஞ்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இது பழைய மாதிரி இஞ்சினுக்குச் சரி. 2023 ஜூலை 1 முதல் புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வர்ற செட்டுல பெரும்பாலும் கம்ப்யூட்டர் வச்ச எலக்ட்ரானிக் இஞ்சின். அதுல பாதிக் கோளாறை லேப்டாப்பும் கம்பெனி சாஃப்ட்வேரும் இல்லாமப் படிக்கவே முடியாது. அந்த மாதிரி செட்டுக்கு ஏ.எம்.சி. போடறவங்க, அந்தக் கருவி உங்க ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் தூரத்துல இருக்குன்னு முதல்ல கேளுங்க. விசிட் எண்ணிக்கையை அப்புறம் கேக்கலாம்.

சரி, கொட்டேஷனோட போனேன். மேனேஜர் பாய் கண்ணாடியை ஏத்திக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் படிச்சார்.

"தம்பி, தஞ்சாவூர் பார்ட்டி ஒண்ணு 14,000-க்கு நாலு விசிட் தர்றேங்கிறான். நீங்க 21,000 கேக்குறீங்க, மூணு விசிட்தான். மேல ஸ்பேர் பெட்டிக்கு 16,000 வேற, ஜிஎஸ்டி வேற. டாக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"பாய், தஞ்சாவூர்லேர்ந்து அவர் வந்து சேரவே ரெண்டு மணி நேரம். ஃபில்டர் எங்கேர்ந்து எடுப்பார்னு கேட்டீங்களா? பெட்டிச் செலவு முதல் வருஷம்தான். அடுத்த வருஷத்துலேர்ந்து எடுத்த சாமானுக்கு மட்டும்தான் காசு."

"நேரத்துக்கு வரலன்னா?"

அதுக்கும் எழுதியிருந்தேன். சொன்ன நேரத்தைத் தாண்டி ஒவ்வொரு 4 மணி நேரத்துக்கும் வருஷத் தொகையில 5 சதவீதம் கழிவு, மொத்தமா அந்தத் தொகைக்கு மேல போகாது. இது அவங்க நஷ்டத்துக்கு ஈடில்லன்னு எனக்கும் தெரியும். 21,000 வாங்குற மெக்கானிக் ஒரு ஆஸ்பத்திரியோட நஷ்டத்துக்கு ஈடு கட்ட முடியாது. கட்டறேன்னு கையெழுத்துப் போட்டாலும் அது வெறும் மை. அந்தக் கழிவு என்னை உறுத்தறதுக்கு மட்டும்தான். அதை வெளிப்படையாவே சொன்னேன்.

பாய் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பேனாவை எடுத்து அந்தக் கழிவு வரியை அடிச்சார்.

"இது இருந்து என்ன பிரயோசனம், தம்பி? பிரசவ வலியில கிடக்கிறவகிட்ட அஞ்சு சதவீதம் கழிச்சுட்டோம்னு சொல்லவா? அதுக்குப் பதிலா ஒண்ணு எழுதுங்க. உங்களுக்கே காய்ச்சல் வந்து படுத்துட்டா யாரு வருவா?"

எனக்குச் சுருக்குனு இருந்தது. பகல்ல 2 மணி, ராத்திரியில 4 மணின்னு பெருசா எழுதினேனே, அது முழுக்க ஒரே ஆளை நம்பி எழுதினது. கடையில நான் ஒருத்தன், ஒரு ஹெல்ப்பர். ஹெல்ப்பருக்குப் பேனல் தெரியாது. நான் ஒரு கல்யாணத்துக்கு மதுரை போனாலே அந்த வாக்கு பொய். மத்தவங்க தாள்ல ஓட்டை தேடினவன் என் தாள்ல இருந்த பெரிய ஓட்டையைப் பாக்கல.

அன்னைக்கு சாயங்காலம் பேராவூரணியில இருக்கிற ஒரு நண்பர்கிட்டப் பேசினேன். அவரும் இதே தொழில்தான், போட்டியாளர்னே சொல்லலாம். நான் ஊர்ல இல்லாத நாள்ல என் வாடிக்கையாளரை அவர் பாக்கணும், அவர் இல்லாத நாள்ல நான். ஸ்பேர் பெட்டி அந்தந்த இடத்துலயே இருக்கறதால அவர் கையை வீசிக்கிட்டு வந்தாப் போதும். மறுநாள் அவர் பேரும் நம்பரும் ஒப்பந்தத்துல ஏறிச்சு. என் வீட்டு விலாசமும் ஏறிச்சு. டவர் இல்லாத நாள்ல பையன் எந்தக் கதவைத் தட்டணும்னு பாய்க்குத் தெரியணுமாம். நியாயம்தானே?

டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார். பெட்டி போன வெள்ளிக்கிழமை வச்சாச்சு. சாவியை வாங்கின எலக்ட்ரீஷியன் முதல் வேலையா ஃபில்டரைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். கஜா அன்னைக்கு ராத்திரி டியூட்டியில இருந்தவர் அவர்தான்.

டிஸ்கி: உங்கள்ல பலபேர் சென்னை, பெங்களூர் அபார்ட்மென்ட்ல இருப்பீங்க. லிஃப்ட்டு, ஜெனரேட்டர்னு அசோசியேஷன் ஏ.எம்.சி. கட்டிக்கிட்டு இருக்கும். அந்தத் தாளை ஒரு தடவை வாங்கிப் படிச்சுப் பாருங்க. 'ரெஸ்பான்ஸ் டைம்'னு இருக்கற இடத்துல கடிகாரம் எப்ப ஆரம்பிக்குது, எப்ப நிக்குதுன்னு எழுதியிருக்கா, சாமான் எங்க இருக்குன்னு எழுதியிருக்கா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அந்த வரியைச் சுட்டு என் அடுத்த கொட்டேஷன்ல போட்டுக்கறேன். :-)